குலசேகரம் வீட்டின் டைல் பில்: 55,808 எப்படி 65,853 ஆனது

என் அம்மாவின் தம்பி குலசேகரம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் வெட்டி, ஷீட் அடித்து விற்ற வருமானத்தில் நாலு வருடமாகச் சேர்த்துக் கட்டிய வீடு. தரைக்கு டைல் வாங்க மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போனார். மாதிரி டைலின் மேல் ஒட்டியிருந்த விலை சதுர அடிக்கு 59 ரூபாய். விற்பனையில் நின்ற பையன் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பக்கத்தில் “டாக்ஸ் உள்பட” என்றும் எழுதிக் கொடுத்தான். 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, வண்டியும் கூலியும் சேர்த்து 2,000 என்றும் அதே சீட்டில் இருந்தது.

மாமா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். 60 பெட்டி, பெட்டிக்கு 16 சதுர அடி, ஆக 960. அதை 59-ஆல் பெருக்கினால் 56,640. 5 சதவீதம் போனால் 53,808. வண்டிக்கு 2,000 கூட்டினால் 55,808. முன்பணம் 10,000 கொடுத்திருந்தார். மீதியை எடுத்து வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்தார்.

வண்டியோடு வந்த பில் 65,853 ரூபாய்.

வண்டி வாசலில் நிற்கிறது, இறக்குகிற ஆட்கள் நிற்கிறார்கள், மேஸ்திரி மறுநாள் வேலை தொடங்க வேண்டும். மாமா மச்சானிடம் கைமாற்று வாங்கி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் நாகர்கோவிலுக்கு வந்தபோது பில்லையும் சீட்டையும் என் மேசையில் வைத்து, “மக்களே, பத்தாயிரம் எங்க இருந்து வந்துன்னு எனக்கு மனசிலாகல்ல” என்றார். நான் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். இப்படி ஒரு கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று பேரிடமிருந்தாவது வரும். ஆனால் இந்த ஒரு பில்லில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பில்லில் இருந்தது இதுதான்:

```
டைல் 60 பெட்டி (960 ச.அடி) × 59.00    56,640.00
தள்ளுபடி 5%                          – 2,832.00
வண்டி, ஏற்றுகூலி, இறக்குகூலி              2,000.00
வரிக்குரிய மதிப்பு                      55,808.00
சிஜிஎஸ்டி 9%                            5,022.72
எஸ்ஜிஎஸ்டி 9%                           5,022.72
ரவுண்ட் ஆஃப்                              – 0.44
மொத்தம்                               65,853.00
```

முதலில் சிறியதை முடித்துவிடுகிறேன். கடைசியில் கழிந்த 44 காசு, முழு ரூபாய்க்குக் கொண்டுவருவதற்காக. 50 காசுக்குக் குறைவானால் விட்டுவிடுவார்கள், 50 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு ரூபாயாக ஏற்றுவார்கள். எந்தப் பில்லிலும் இது ஒரு ரூபாயைத் தாண்டாது. தாண்டினால் அந்த இடத்தில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, வரி இரண்டாகப் பிரிந்து இருப்பது. மாமாவின் முதல் சந்தேகமே இதுதான். “ரெண்டு தடவ வரி போட்டிருக்கான்லா?” இல்லை. டைலுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடையும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் அந்த 18-ஐ மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பிரித்துக் காட்ட வேண்டும். சிஜிஎஸ்டி என்பதும் எஸ்ஜிஎஸ்டி என்பதும் அதுதான். இரண்டும் ஒரே தொகையின் மேல் பக்கம் பக்கமாகப் போடப்படுகின்றன. ஒன்றைக் கூட்டிய பிறகு அதற்கு மேல் மற்றதைப் போடுவதில்லை. 55,808-க்கு 9 சதவீதம் 5,022.72, இரண்டும் சேர்ந்து 10,045.44. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், வரிக் கணக்கு காசு பிசகாமல் சரியாக இருந்தது.

பில்லைச் சரிபார்க்கிற பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 18 சதவீதம் சரியாக வருகிறதா, வருகிறது, அப்படியானால் பில் சரி. மாமாவின் மருமகனும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் வரி சரியாக இருப்பது வேறு, எந்தத் தொகையின் மேல் வரி போட்டார்கள் என்பது வேறு. அந்தத் தொகைக்குப் பெயர் வரிக்குரிய மதிப்பு. பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் கண் போக வேண்டிய இடம் வரி சதவீதம் அல்ல, இந்தத் தொகை.

சீட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தவறு உடனே தெரியும். சீட்டில் “59, டாக்ஸ் உள்பட”. பில்லில் விலை என்ற இடத்திலும் அதே 59, அதற்குக் கீழே மறுபடியும் டாக்ஸ். வரி உள்ளே இருக்கிற விலையும், வரி சேர்க்காத விலை எழுத வேண்டிய கட்டமும் ஒரே எண்ணாக இருக்க வழியே இல்லை. வரி விகிதம் பூஜ்ஜியமாக இருந்தால் மட்டுமே அப்படி வரும். மாமா உண்மையில் சதுர அடிக்கு 69 ரூபாய் 62 காசு வீதம் விலை போடப்பட்டு, அதில் 5 சதவீதம் தள்ளுபடி வாங்கியிருக்கிறார். 59-இன் உள்ளே ஏற்கெனவே ஒருமுறை வரி இருந்தது, அந்த வரியின் மேலும் சேர்த்து மறுபடி வரி.

அப்படியானால் விலைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்? கடைக்குப் போன் செய்தேன். பில் போடுகிற பெண் நல்ல மாதிரியாகப் பேசினாள். தவறு என்று உடனே ஒப்புக்கொண்டு, “59-ல 18 சதவீதம் கழிச்சு 48.38-ன்னு மாத்திரட்டுமா சார்?” என்றாள். அதுவும் தவறு. இந்த முறை கடைக்கு நஷ்டம். 48.38-க்கு மேல் 18 சதவீதம் போட்டால் 57.09 வருகிறது, 59 வரவில்லை. சொன்ன விலை 59 என்றால் கடைக்கு 59 கிடைக்க வேண்டும். அதுதான் நியாயம்.

இந்த இடம்தான் எல்லாருக்கும் இடறும். மாமாவுக்கு ரப்பர் பாலை வைத்துச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். மரத்திலிருந்து வந்த பாலில் தண்ணீர் கலந்துதான் ட்ரேயில் உறைய வைப்பார்கள். 100 லிட்டர் பாலில் 18 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் வாளியில் இருப்பது 118 லிட்டர். இப்போது அந்த 118-இல் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் 18 லிட்டர். ஆனால் 118-இல் 18 சதவீதம் எடுத்தால் 21 லிட்டருக்கு மேல் வரும். ஊற்றியதே 18 தானே, 21 எப்படி வரும்? கலக்கும்போது 18 என்பது பாலின் அளவை வைத்துச் சொன்னது. பிரிக்கும்போது கையில் இருப்பது கலவை. அதனால் 118-இல் 18 பங்கு என்றுதான் எடுக்க வேண்டும்.

விலைக்கும் அதே வழி:

```
வரி சேர்க்காத விலை = 59 × 100 ÷ 118 = 50.00
உள்ளே இருக்கும் வரி = 59 × 18 ÷ 118 = 9.00
```

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வரி உள்பட்ட விலையிலிருந்து வரியை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதிகளில் 35-ஆம் விதி இதையே சொல்கிறது. வரி உள்பட்ட விலையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறோடு மொத்த வரி விகிதத்தையும் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். “மொத்த” என்ற சொல்லைக் கவனியுங்கள். சிஜிஎஸ்டி 9 தானே என்று சிலர் 109-ஆல் வகுத்துவிடுகிறார்கள். சிஜிஎஸ்டியை மட்டும் தனியே எடுத்தாலும் கீழே வர வேண்டியது 118 தான். 59 × 9 ÷ 118 செய்தால் 4.50, இரண்டு பக்கமும் சேர்ந்து 9. அப்போதுதான் கணக்கு மூடும்.

ஆக, சதுர அடிக்குக் கடையின் விலை 50, அரசின் வரி 9. சீட்டில் சொன்ன 59 அதுதான்.

தவறு எப்படி வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரரே பிறகு விளக்கினார். அங்கே இரண்டு விலைப் பட்டியல் உண்டு. ஒன்று மாமாவைப் போல வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு, வரி உள்பட. இன்னொன்று ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிற கான்ட்ராக்டர்களுக்கு, வரி இல்லாமல். கான்ட்ராக்டர் தொழிலுக்காக வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி இருப்பதால், அவர் கண்ணில் விலை என்பது 50. மாமாவுக்கு அந்த வழி கிடையாது, கொடுத்த வரி கொடுத்ததுதான். அதனால் அவருக்கு விலை 59. இரண்டும் உண்மையான விலைதான், ஆள் மட்டும் மாறுகிறது. பில் போடும் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் “விலையில் வரி உள்ளதா, இல்லையா” என்று குறிக்க ஓர் இடம் உண்டு. புதிதாக வந்த இந்த டைலை உள்ளே ஏற்றும்போது வீட்டுக்காரர் பட்டியலிலிருந்து 59-ஐ எடுத்துப் போட்டுவிட்டு, “வரி இல்லை” என்ற குறியை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அதன் பிறகு மென்பொருள் சொன்னதைச் செய்தது. அந்த டைலை வாங்கிய எல்லாருடைய பில்லிலும் இதே தவறு இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தமான விஷயம். அவரிடம் அதைச் சொன்னேன். பழைய பில்களைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

சரி, இப்போது திருத்திய கணக்கு. 960 × 50 = 48,000. தள்ளுபடி 5 சதவீதம் 2,400 போக 45,600. வண்டி, கூலி 2,000 சேர்ந்து 47,600. இதுதான் சரியான வரிக்குரிய மதிப்பு. சிஜிஎஸ்டி 4,284, எஸ்ஜிஎஸ்டி 4,284. மொத்தம் 56,168.

மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நான் போட்டது 55,808. இன்னும் 360 கூடுதல் இருக்கே?” என்றார். சரியான கேள்வி.

அந்த 360, வண்டிக்கும் கூலிக்கும் கொடுத்த 2,000-இன் மேல் வந்த 18 சதவீதம். சீட்டில் “டாக்ஸ் உள்பட” என்று எழுதியிருந்தது 59-க்குப் பக்கத்தில். 2,000-க்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. வண்டி வாடகைக்கு ஏன் டைலுக்குள்ள வரி என்று மாமாவுக்குக் கோபம். ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பொருளைக் கொடுக்கும் வரையில் அது தொடர்பாக விற்பவர் வாங்கும் பேக்கிங், ஏற்றுகூலி, கொண்டுவந்து சேர்க்கும் செலவு போன்றவற்றைப் பொருளின் மதிப்போடு சேர்க்கச் சொல்கிறது. கடை “உங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன்” என்று ஒப்புக்கொண்டு ஒரே பில்லில் போடும்போது, டைலும் வண்டியும் சேர்ந்து ஒரே விற்பனை. அதில் முக்கியமானது டைல், ஆகவே டைலின் விகிதமே வண்டிக்கும். வண்டியில் போனது 5 சதவீதப் பொருளாக இருந்தால் வண்டிச் செலவுக்கும் 5 தான் வந்திருக்கும்.

ஒரு பெட்டி ஆட்டோவையோ மினி லாரியையோ மாமாவே பேசி, ஓட்டுநரிடம் நேரே 2,000 கொடுத்திருந்தால் இந்த 360 வந்திருக்காது. அந்தப் பணம் கடையின் பில்லுக்குள்ளேயே வராது. தனி வண்டிக்காரர் சாலை வழியாகச் சரக்குக் கொண்டுபோவதற்கு ஜிஎஸ்டி இல்லை. சரக்குக்கு கன்சைன்மென்ட் நோட் போட்டுக் கொடுக்கும் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களின் கதை வேறு. ஆனால் இதில் ஒரு கணக்கு உண்டு. கடை வண்டியில் வந்து, இறக்கும்போது ஒரு பெட்டி உடைந்திருந்தால் கடை மாற்றித் தரும். நாமே வண்டி பேசினால் கடை வாசலைத் தாண்டிய பிறகு உடைந்தது நம் தலையில். குலசேகரம் ரோட்டில் 60 பெட்டி டைல் ஏற்றிக்கொண்டு வருவதற்கு 360 ரூபாய் அதிகமில்லை என்பது என் எண்ணம். மாமாவுக்கு அது ஒப்பவில்லை.

தள்ளுபடி பற்றியும் ஒன்று கேட்டார். வரி போடுவதற்கு முன்னால் 5 சதவீதம் கழிப்பது லாபமா, பிறகு கழிப்பதா? சதவீதத் தள்ளுபடியாக இருக்கும்வரை ஒன்றுதான். 59-இல் 5 சதவீதம் போனால் 56.05. 50-இல் 5 சதவீதம் போய் 47.50 ஆகி, அதன்மேல் 18 சதவீதம் ஏறினாலும் 56.05. வித்தியாசம் வருவது “ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்று மொத்தமாகச் சொல்லும்போது. அந்த ஆயிரத்தைப் பில்லுக்குள்ளேயே வரிக்கு முன்னால் கழித்தால், அதன் மேல் வர இருந்த 180 ரூபாய் வரியும் போய்விடும், கையிலிருந்து போவது 1,180 குறையும். பில்லை முழுத் தொகைக்குப் போட்டுவிட்டுக் கல்லாவில் ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தால் குறைவது ஆயிரம் மட்டும். விற்கும்போதே கொடுத்து, பில்லில் எழுதிய தள்ளுபடியைத்தான் சட்டம் மதிப்பிலிருந்து கழிக்க விடுகிறது. பேசிமுடித்த தள்ளுபடி பில்லில் எழுத்தாக இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

இந்தப் பத்தாயிரத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை மாமாவுக்குத் தனியே எழுதிக் காட்டினேன், ஏனென்றால் அவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பில்லில் தவறாக ஏறியது 9,685.44. அதில் வரிக்குரிய மதிப்பாகக் கூடியது 8,208 (55,808-க்கும் 47,600-க்கும் உள்ள வித்தியாசம்). அது கடைக்குப் போனது. அதன் மேல் வந்த வரி 1,477.44 மட்டுமே அரசுக்குப் போக வேண்டியது. வரியைத் தவறாகப் போட்டதுபோல் தோன்றினாலும், பணம் பெரும்பாலும் தங்கியது கடையின் விற்பனைக் கணக்கில். கடைக்காரருக்கும் இது அதுவரை தெரியவில்லை. அந்த டைலில் லாபம் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்று அவர் யோசித்திருக்கவும் இல்லை.

பணத்தைத் திருப்புவது எப்படி? பழைய பில்லைக் கிழித்துப் புதிதாகப் போட்டுவிடலாமே என்றார் கடைக்காரர். பில் எண்கள் வரிசையாக ஓடுகின்றன, அதோடு அந்த மாதத்து விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் கொடுத்தும் முடித்துவிட்டார். அதனால் கிழிக்க முடியாது. இதற்குச் சரியான வழி கிரெடிட் நோட். பில்லில் மதிப்போ வரியோ இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகப் போய்விட்டால், விற்றவர் அந்தப் பில்லின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, கூடுதலான மதிப்பையும் வரியையும் தனித்தனியே எழுதிக் கொடுக்கும் தாள் அது. சட்டத்தின் 34-ஆவது பிரிவு. மாமாவுக்கு வந்த கிரெடிட் நோட்டில் மதிப்பு 8,208, சிஜிஎஸ்டி 738.72, எஸ்ஜிஎஸ்டி 738.72. கையில் வந்தது 9,685. கடைக்காரர் தான் கட்டிய வரியில் 1,477.44-ஐ அந்த மாதக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30-க்குள் இதைக் கணக்கில் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு தவறைக் கண்டுபிடித்தால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரலாம், ஆனால் வரியை அவரால் குறைத்துக்கொள்ள முடியாது. பழைய பில்லோடு போகிறவர்களுக்குக் கடைகள் முகம் கொடுக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் சுமுகமாக முடிந்தது அந்தத் துண்டுச் சீட்டால். “டாக்ஸ் உள்பட” என்ற இரண்டு சொல் எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால், பையன் சொன்னான், இல்லை சொல்லவில்லை என்பதோடு பேச்சு நின்றிருக்கும். பிஸ்கட், சோப்பு மாதிரி அதிகபட்ச விலை அச்சடித்த பாக்கெட் என்றால் இந்தச் சிக்கல் கிடையாது. அந்த விலை எல்லா வரிகளும் உட்பட்டது, அதற்கு மேல் ஒரு காசும் கூட்ட முடியாது. மாதிரி டைலில் கடைக்காரர் கையால் எழுதி ஒட்டுகிற விலைக்கு அப்படியொரு உறுதி இல்லை.

டைலுக்கே உரிய இன்னொரு விஷயம், வரிக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. இரண்டுக்கு இரண்டு என்று விற்கும் டைலின் உண்மை அளவு 600 மில்லிமீட்டர். நாலு டைல் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. கடை 16 என்று கணக்குப் போட்டதால் 60 பெட்டியில் 30 சதுர அடி காகிதத்தில் மட்டும் இருந்தது. சேதாரத்துக்கு என்று மாமா கூடுதலாக வாங்கியிருந்ததால் தரைக்குப் பற்றாமல் போகவில்லை.

“பேசாம களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துல வாங்கியிருந்தா வரி குறைஞ்சிருக்குமோ?” என்று மாமா கடைசியாகக் கேட்டார். நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி எப்போதும் இருக்கும். குறையாது. டைலுக்கு அங்கும் 18 தான். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண் 33-க்குப் பதில் 32 என்று தொடங்கும், மாமாவின் குலசேகரம் முகவரியைப் போட்டால் இரண்டு வரிகளுக்குப் பதில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஒரே வரியாக வரும். ஜிஎஸ்டி எண் இல்லாத வாங்குபவருக்குப் பில்லில் எழுதிய முகவரிதான் கணக்கு என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டத்தில் தெளிவாக்கிவிட்டார்கள். கொடுக்கிற தொகை ஒன்றுதான்.

ஆனால் மாமாவின் மச்சான், கேரளத்தில் வாங்கியபோது வரி அதிகமாக இருந்ததாகச் சாதித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை வெள்ள நிவாரண செஸ் வாங்கியது. அந்த மாநிலத்துக்குள் ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்கு விற்கும் 12, 18, 28 சதவீதப் பொருள்களுக்கு, வரி சேர்க்காத மதிப்பில் 1 சதவீதம். எல்லை தாண்டிப் போய்க் கடையிலேயே எடுத்துக்கொண்டு வந்த நம்மாட்களும் அதைக் கொடுத்தார்கள். மச்சான் அலமாரியிலிருந்து எடுத்துவந்த பழைய பில் 2020-ஆம் ஆண்டுடையது, அதில் அந்த ஒரு வரி தனியாக இருந்தது. இப்போது அது இல்லை. பழைய பில்லை வைத்துப் புதிய பில்லைச் சோதித்தால் இப்படித்தான் ஆகும். மாமாவின் சிமெண்ட் பில்களிலும் அதேதான்: 2025 செப்டம்பர் 22-க்கு முன் வாங்கிய மூட்டைகளுக்கு 28 சதவீதம், அதற்குப் பின் வாங்கியவற்றுக்கு 18. இரண்டுமே சரியான பில்கள்.

போன மாதம் சமையலறைச் சுவருக்கு டைல் வாங்க மாமா அதே கடைக்குப் போனார். இந்த முறை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், பில் வரப்போகிற மாதிரியே ஒரு எஸ்டிமேட் அடித்துத் தரச் சொன்னார். சுவர் டைல் சதுர அடிக்கு 47.20 என்று ஒட்டியிருந்தது. எஸ்டிமேட்டில் விலைக் கட்டத்தில் 40.00 என்று இருந்ததை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்திருக்கிறார். வண்டிக்கான வரி அந்தத் தாளில் இல்லை. ஊர்க்கார ஆட்டோ ஒன்றைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாராம். வழியில் இரண்டு டைல் மூலை உடைந்தது. அவை அலமாரிக்குப் பின்னால் வரும் இடத்தில் போய்விட்டன.